சமன்பாட்டு டியூட்ல இலக்கம் மேலயா கீழயா எண்டு விளங்காட்டி எப்படி செக் பண்ணுற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர், டியூட்ல 2Al + 3H2SO4 → Al2SO43 + 3H2 எண்டு கிடக்கு, "சமப்பட்டுள்ளதா எனச் சரிபார்க்க" எண்டும் போட்டிரிக்கு. ஒட்சிசன் 43 எண்டா எனக்கு வரவே இல்ல.

அது 43 இல்ல மகன், 4 வேற 3 வேற. Al2(SO4)3 எண்டு இரிக்க வேண்டிய இடத்தில தட்டினவர் அடைப்புக்குறிய விட்டிரிப்பார், இல்லாட்டி கொப்பிக்கு கொப்பி அடிச்சி அடிச்சி அது அழிஞ்சி போயிரிக்கும். நான் சொன்னத்துக்காக ஏத்துக்காதீங்க, இத நீங்களே கண்டுபிடிக்கிற வழிய பாருங்க, ஏனெண்டா அடுத்த டியூட்லயும் இப்படி ஒண்டு கட்டாயம் வரும்.

முதல்ல அணு எண்ணத் தொடங்காதீங்க. சந்தேகமான அந்த ஒரு சூத்திரத்த மட்டும் தனிய எடுத்து ஒரு பக்கத்தில எழுதுங்க: Al2SO43. இத எத்தின மாதிரி வாசிக்க ஏலும் எண்டு பாத்தா ரெண்டுதான். ஒண்டு, O க்கு கீழ 43. மற்றது, SO4 ஒரு கூட்டம், அந்தக் கூட்டம் மூண்டு. கடைசி 3 அடுத்த பொருள்ட குணகமா இரிக்குமோ எண்டு ஒரு ஆள் கேட்டா, இல்ல, ஏனெண்டா அதுக்குப் பின்னால + அடிச்சி 3H2 எண்டு தனியா அதுட குணகம் ஏற்கனவே கிடக்கு.

இப்ப வலுவளவு. அலுமினியத்துக்கு 3, சல்பேற்றுக்கு 2. வலுவளவ மாத்திப் போட்டா Al க்கு 2, SO4 க்கு 3, அப்ப Al2(SO4)3. ஏற்றமா பாத்தாலும் சரி, ரெண்டு Al க்கு +6, மூண்டு சல்பேற்றுக்கு −6. ரெண்டு Al க்கும் ஒரு S க்கும் 43 ஒட்சிசன் வெச்ச ஒரு சேர்வை கிடையாது, அத இந்த இடத்திலேயே வெட்டி விடலாம்.

சூத்திரம் முடிவான பிறகுதான் எண்ணுறது. இடப்பக்கம் Al 2, வலப்பக்கம் Al 2. இடப்பக்கம் 3H2SO4, அதில H 6, S 3, O 12. வலப்பக்கம் (SO4)3 இல S 3, O 12, பிறகு 3H2 இல H 6. எல்லாம் பொருந்துது. 43 எண்டு வாசிச்சிருந்தா S இடப்பக்கம் 3 வலப்பக்கம் 1, O இடப்பக்கம் 12 வலப்பக்கம் 43. நீங்க ஒட்சிசன மட்டும் பாத்து குழம்பிட்டீங்க, ஆனா கந்தகமும் சேந்து பிழைச்சிரிக்கு பாருங்க. அடைப்புக்குறி தொலைஞ்சிட்டா அதுக்குள்ள இருந்த எல்லா மூலகமும் ஒண்டாப் பிழைக்கும், அது நல்ல அடையாளம்.

இன்னொரு சுருக்கு வழி, ரெண்டு பக்கமும் சல்பேற்று உடையாம அப்படியே வந்தா S, O எண்டு பிரிச்சி எண்ணத் தேவையில்ல, SO4 எத்தின எண்டு எண்ணினா போதும். இங்க இடப்பக்கம் 3, வலப்பக்கம் 3. நைத்திரேற்று, பொசுபேற்று, ஐதரொட்சைட்டு எல்லாத்துக்கும் இது சரி, ஆனா அந்தக் கூட்டம் தாக்கத்தில உடையுதெண்டா (காபனேற்று அமிலத்தோட சேந்து CO2 ஆப் போற மாதிரி) பிரிச்சித்தான் எண்ணணும்.

எங்கட வயலுக்கு போடுற யூரியாட சூத்திரம் மகன்ட கொப்பில CONH22 எண்டு எழுதியிரிக்கு. ஐதரசன் 22 ஆ? சீனிக்கு H22 எண்டு அவர்ட புத்தகத்திலயே இரிக்கே, அப்ப ரெண்டு இலக்கமும் வரும்தானே?

நல்ல கேள்வி வாப்பா, ஏனெண்டா ரெண்டு இலக்கக் கீழ்க்குறிய கண்டவுடன பிரிக்கக் கூடாது எண்டதுக்கு சீனிதான் சரியான உதாரணம். சுக்குரோசு C12H22O11, அதில 12, 22, 11 மூண்டும் உண்மையாவே ரெண்டு இலக்கக் கீழ்க்குறிதான். ஆனா யூரியாவில அப்படி இல்ல, அது CO(NH2)2, ஒரு CO ல ரெண்டு NH2 தொங்குது. தனிச் சூத்திரத்த மட்டும் வெச்சிட்டு முடிவெடுக்கிறது கஷ்டமா இரிந்தா சமன்பாட்டுக்குள்ள போட்டுப் பாருங்க. மண்ணுக்குள்ள யூரியா தண்ணியோட சேந்து அமோனியா தாறத இப்படி எழுதுவாங்க:

CO(NH2)2 + H2O → 2NH3 + CO2

வலப்பக்கம் N 2, H 6, C 1, O 2. இடப்பக்கத்த H22 எண்டு வாசிச்சா H மொத்தம் 24, N ஒண்டுதான். (NH2)2 எண்டு வாசிச்சா N 2, H 4 ஓட தண்ணிட 2 சேந்து 6, C 1, O 2. இங்கயும் N, H ரெண்டும் ஒண்டாப் பிழைச்சி ஒண்டாச் சரிவருது, அடைப்புக்குறிதான் காணாமப் போயிரிக்கு எண்டு அதால விளங்கும். சீனிக்கும் இதே சோதனைய செய்யலாம். செறிந்த சல்பூரிக்கமிலம் ஊத்தினா சீனி கறுக்கிறது C12H22O11 → 12C + 11H2O. பதினொரு தண்ணிக்கு H 22, அப்ப அங்க 22 உண்மை.

குணகம் எது கீழ்க்குறி எது எண்டு பாத்தவுடன சொல்ல ஒரு சட்டம் இல்லையா?

இரிக்கு. குணகம் நிக்கக் கூடிய இடம் மூண்டே மூண்டுதான்: சமன்பாட்டுட தொடக்கம், ஒரு + க்குப் பிறகு, அம்புக்குறிக்குப் பிறகு. (புள்ளி போட்ட உப்புகள்ள நாலாவது இடம் ஒண்டு இரிக்கு, அத கீழ தனியா சொல்றன்.) ஒரு எழுத்து தொடங்கிட்டா, அதுக்குப் பிறகு அடுத்த + வரைக்கும் வாற எந்த இலக்கமும் தனக்கு இடப்பக்கம் நிக்கிற அணுவுக்கோ அடைப்புக்குறிக்கோதான் சொந்தம். இலக்கம் எவ்வளவு பெரிசா இரிந்தாலும், எவ்வளவு இடைவெளி விட்டிரிந்தாலும் அதுதான் சட்டம்.

இத வெச்சி Na 2CO3 + 2HCl → 2NaCl + H2O + CO2 எண்டத பாருங்க. Na க்கும் 2 க்கும் இடையில இடைவெளி விழுந்து, "ஒரு Na, பிறகு ரெண்டு CO3" எண்ட மாதிரித் தெரியுது. ஆனா அந்த 2 க்கு முன்னால + இல்ல, அப்ப அது Na ட கீழ்க்குறி, Na2CO3. எண்ணிப் பாத்தாலும் Na 2 க்கு 2, C 1 க்கு 1, H 2 க்கு 2, Cl 2 க்கு 2, O 3 க்கு 3.

ஒரு இலக்கம் எவ்வளவு தூரத்துக்குப் பெருக்கும் எண்டதும் இதோட சேத்து மனசில வெச்சிக்கணும். குணகம் அடுத்த + வரைக்கும் எல்லாத்தையும் பெருக்கும், கீழ்க்குறி தனக்கு உடன முன்னால உள்ளத மட்டும் பெருக்கும். 2Ca(OH)2 எண்டா Ca 2, O 4, H 4. இதில புள்ளைகள் அடிக்கடி விடுற பிழை, முன்னுக்குள்ள 2 ஐ Ca ஓட நிப்பாட்டிப்போட்டு O 2, H 2 எண்டு எண்ணுறது.

இந்தச் சட்டம் தோக்கிற இடம் + அடையாளமே அழிஞ்சி போன இடம்தான். Pb(NO3)2 2KI எண்டு ரெண்டு 2 பக்கத்தில பக்கத்தில கிடந்தா நடுவில ஒரு + இருந்திரிக்கு எண்டு அர்த்தம், ஏனெண்டா ஒரே அடைப்புக்குறிக்கு ரெண்டு கீழ்க்குறி வராது.

எண்ணிப் பாக்கிற நேரம் சமன் வரல்ல. நான் இலக்கத்த பிழையா வாசிச்சனா, டியூட்லயே பிழையா எண்டு எப்படி பிரிக்கிற?

எந்தெந்த மூலகம் பிழைக்குது, எந்த அளவில பிழைக்குது எண்டு பாருங்க, அதிலயே பாதி விடை கிடக்கு.

குணகத்த பிழையா வாசிச்சா அந்தப் பொருள்ள உள்ள எல்லா மூலகமும் ஒரே விகிதத்தில கூடும் இல்லாட்டி குறையும். மங்கின கொப்பில 3 உம் 8 உம் ஒரே மாதிரித் தெரியும், அதால மேல உள்ள 3H2SO4 ஐ 8H2SO4 எண்டு வாசிச்சிட்டீங்க எண்டு வைங்க. H 16 க்கு 6, S 8 க்கு 3, O 32 க்கு 12, மூண்டும் 8 க்கு 3 எண்ட கணக்கில பிழைக்குது. அப்ப கை வைக்க வேண்டிய இடம் சூத்திரத்துக்குள்ள இல்ல, முன்னுக்கு உள்ள இலக்கம்.

கீழ்க்குறிய பிழையா வாசிச்சா ஒரு மூலகம் மட்டும் பிழைக்கும், மற்றது எல்லாம் பொருந்தி நிக்கும். N2 + 3H2 → 2NH3 இல கடைசி 3 ஐ 2 எண்டு வாசிச்சா N சரி, H மட்டும் 6 க்கு 4. அடைப்புக்குறி விசயம் முதல்ல சொன்னதுதான், உள்ளுக்குள்ள இருந்ததெல்லாம் சேந்து பிழைக்கும், வெளிய இருக்கிறது தப்பும்.

இதுக்கு ஒரு எல்லை இரிக்கு. Al, O2, H2 மாதிரி ஒரே மூலகம் மட்டும் உள்ள பொருளுக்கு இந்த அடையாளம் வேல செய்யாது. Al + 3H2SO4 → Al2(SO4)3 + 3H2 எண்டு அச்சில வந்திருந்தா Al மட்டும்தான் 1 க்கு 2 எண்டு பிழைக்கும், அது குணகமா கீழ்க்குறியா எண்டு எண்ணிக்கை சொல்லாது. ஆனா வலப்பக்கச் சூத்திரம் வலுவளவால ஏற்கனவே உறுதியாயிட்டு, அப்ப விடுபட்டது இடப்பக்க Al க்கு முன்னுக்குள்ள 2 தான், அச்சுப்பிழை. அதேபோல ஒரே மூலகம் மூண்டு நாலு பொருள்ள வந்தா (ஒட்சிசன் அப்படித்தான் வரும்) விகிதம் தெளிவாத் தெரியாது. அதால ஒட்சிசன எப்பவும் கடைசியா எண்ணுங்க.

CuSO4.5H2O → CuSO4 + 5H2O இதில O க்கு கீழ 4.5 ஆ? அரை அணு வருமா?

வராது, கீழ்க்குறி எப்பவும் முழு எண்தான் நாங்க படிக்கிற சூத்திரங்கள்ள. அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்ல, அது உண்மையில நடு உயரத்தில வர வேண்டிய புள்ளி, CuSO4·5H2O. கீபோட்ல அந்தப் புள்ளி லேசில கிடைக்காதபடியா எல்லாரும் சாதாரண முற்றுப்புள்ளிய தட்டுவாங்க, 4 க்கும் 5 க்கும் இடையில அது விழுந்தா நாலரை மாதிரித்தான் தெரியும்.

நான் மேல சொன்ன நாலாவது இடம் இதுதான், புள்ளிக்குப் பிறகு வாற இலக்கம் குணகம். அது அடுத்த + வரைக்கும் போகும், ஆனா புள்ளிக்கு முன்னால உள்ளத தொடாது. ஒரு CuSO4 க்கு அஞ்சு தண்ணி. எண்ணினா Cu 1, S 1, H 10, O வந்து 4 ஓட 5, மொத்தம் 9. வலப்பக்கமும் CuSO4 இல O 4, 5H2O இல O 5, H 10. இதில இன்னொரு பொறி இரிக்கு, முன்னுக்கு ஒரு 2 வந்து 2CuSO4·5H2O எண்டா அந்த 2 புள்ளியத் தாண்டியும் பெருக்கும், தண்ணி 10 ஆகும்.

நீல உப்ப சூடாக்கினா வெள்ளையாகும், தண்ணி போகும் எண்டத நீங்க லாப்ல கண்டிரிப்பீங்க, அதத்தான் இந்தச் சமன்பாடு சொல்லுது. 4.5 ஒட்சிசன் எண்டு வாசிச்சா பிறகு வாற H2O ல தண்ணி ஒண்டே ஒண்டுதான் மிஞ்சும், வலப்பக்கம் அஞ்சு தண்ணி எங்க இருந்து வந்த எண்டு சொல்ல ஏலாது.

மகள்ட டியூட்ல CaCO3 + 2HC1 → CaC12 + H20 + CO2 எண்டு இரிக்கு. காபன் 12 ஆ எண்டு கேக்குறா. நான் சயன்ஸ் படிக்கல்ல, என்ன சொல்ற?

அது 12 இல்ல, குளோரீன்ட Cl. சின்ன எல் எழுத்தும் ஒண்டும் சில எழுத்துருவில ஒரே கோடு மாதிரித்தான் வரும், தட்டுறவங்களும் சில நேரம் எல்லுக்குப் பதிலா 1 ஐயே தட்டிப்போடுவாங்க. H20 இல வாறது பூச்சியம் இல்ல, ஒட்சிசன்ட O.

மகளுக்கு இப்படிச் சொல்லுங்க: கீழ்க்குறி 1 எண்டு ஒருத்தரும் எழுத மாட்டாங்க, ஒண்டு எண்டா இலக்கமே போடாம விடுறதுதான் வழக்கம். அதால HC1 எண்டு கண்டவுடன அது HCl. பூச்சியமும் தனியக் கீழ்க்குறியா வராது, 20 ஐதரசன் மட்டும் உள்ள ஒரு பொருளும் இல்ல, அப்ப H20 எண்டா H2O தான். CaC12 இல கொஞ்சம் யோசிக்கணும், ஏனெண்டா 12 எண்ட கீழ்க்குறி சீனில உண்மையாவே வருது. இங்க கல்சியத்துக்கு வலுவளவு 2, குளோரீனுக்கு 1, CaCl2 சரியா வருது. எண்ணினா Ca 1, C 1, O 3, H 2, Cl 2, ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை.

எல் எழுத்து முழுசா அழிஞ்சி CaC2 எண்டு தெரிஞ்சா இன்னும் கவனம் வேணும், அப்படி ஒரு பொருள் உண்மையாவே இரிக்கு, கல்சியங் காபைட்டு, வெல்டிங் கடைல அசெற்றிலீன் வாயு எடுக்கிற அந்தக் கல்லு. CaC2 + 2H2O → Ca(OH)2 + C2H2 எண்ட சமன்பாட்டில அது சரியான சூத்திரம். அப்ப எப்படி பிரிக்கிற? மற்றப் பக்கத்த பாருங்க. இடப்பக்கம் குளோரீன் இரிந்தா வலப்பக்கமும் எங்கயோ குளோரீன் இரிக்கத்தான் வேணும். ஒரு பக்கத்தில மட்டும் வாற மூலகம் எண்டா வாசிப்புப் பிழை, வேற யோசிக்கத் தேவையில்ல. 2Co + O2 → 2CO2 எண்டு கிடந்தாலும் இதுதான் வழி, Co எண்டா கோபாற்று, வலப்பக்கம் கோபாற்று இல்ல காபன்தான் இரிக்கு, அப்ப இடப்பக்கம் CO, காபனோரொட்சைட்டு. 2CO + O2 → 2CO2, C 2 க்கு 2, O 4 க்கு 4.

சேர், போட்டோகொப்பில Fe + Cl2 → FeCl க்குப் பிறகு உள்ள இலக்கம் 2 ஆ 3 ஆ தெரியல. ரெண்டுலயும் சமப்படுத்த வருதே, எத எடுக்கிற?

இந்தக் கேள்வியத்தான் எல்லாரும் கேக்கணும் எண்டு நான் ஆசப்படுறன். சமன் வந்திட்டு எண்டா வாசிப்பு சரி எண்டு அர்த்தம் இல்ல. Fe + Cl2 → FeCl2 சமன். 2Fe + 3Cl2 → 2FeCl3 உம் சமன். இரும்புக்கு வலுவளவு 2 உம் இரிக்கு 3 உம் இரிக்கு, அதால வலுவளவுச் சோதனையும் ரெண்டையும் பாஸ் பண்ணி விட்டிரும். திணிவு கூட்டிப் பாத்தும் பிரயோசனம் இல்ல: Fe 56, Cl 35.5 எண்டு போட்டா முதலாவதில 127 க்கு 127, ரெண்டாவதில 325 க்கு 325. திணிவு எண்டது அணு எண்ணிக்கையத்தான் வேற அலகில சொல்லுது, புதுசா ஒண்டும் தராது.

டியூட்ல குணகங்கள் அச்சாகி இரிந்தா வேல லேசு. 2Fe + 3Cl2 → 2FeCl எண்டு கிடந்தா இடப்பக்கம் Cl 6, வலப்பக்கம் ரெண்டு மூலக்கூறு, அப்ப ஒண்டுக்கு 3. குணகமே இல்லாட்டி (இல்ல எண்டா 1 எண்டு அர்த்தம், ஆனா "சமப்படுத்துக" எண்ட கேள்வி எண்டா இன்னும் போடல்ல எண்டு அர்த்தம்) எண்ணிக்கையால முடிவெடுக்க ஏலாது. அங்க தாக்கம் என்ன எண்டு தெரிஞ்சிரிக்கணும். சூடாக்கின இரும்புக்கு மேல குளோரீன் வாயுவ விட்டா வாறது FeCl3. இரும்ப ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில போட்டா வாறது FeCl2, Fe + 2HCl → FeCl2 + H2. உங்கட கேள்வியில இடப்பக்கம் Cl2 வாயு நிக்குது, அப்ப FeCl3, விடை 2Fe + 3Cl2 → 2FeCl3.

கேள்விக்கு மேல உள்ள தமிழ் வசனத்தையும் ஒருக்கா வாசிங்க, "இரும்பு(III) குளோரைட்டு" எண்டு ரோம இலக்கத்தோட எழுதியிரிந்தா கதை அங்கயே முடிஞ்சி. சூத்திரம் அழிஞ்ச இடத்தில பேர் அழியாம இரிக்கிறது உண்டு, ஆனா நிறையப் பேர் அதப் பாக்காமலே இலக்கத்தோட மல்லுக்கட்டுறாங்க. செப்புக்கும் இதே பிரச்சின வரும், Cu2O வா CuO வா எண்டு. 4Cu + O2 → 2Cu2O உம் சமன், 2Cu + O2 → 2CuO உம் சமன். வசனத்தில "கறுப்பு நிறத் திண்மம்" எண்டு கிடந்தா CuO, சிவப்பு எண்டா Cu2O.

வசனமும் இல்ல, குணகமும் இல்ல, என்ன தாக்கம் எண்டும் சொல்லல்ல எண்டா, டியூட் தந்தவங்களிட்டயே கேக்கிறதுதான். ஊகிச்சி ஒண்டப் போட்டு அத மனப்பாடம் பண்ணாதீங்க.

நான் இப்பதான் படிப்பிக்கத் தொடங்கின டீச்சர். ஒரு புள்ள Mg2 + O2 → Mg2O2 எண்டு எழுதியிரிக்கு, கேட்டா "ரெண்டு Mg எண்டுதான் எழுதினன்" எண்டு சொல்லுது. இலக்கமும் நடுவில கிடக்கு. சரி போடுறதா?

சரி போடாதீங்க டீச்சர், ஆனா ஏன் எண்டு அந்தப் புள்ளைக்கு விளங்கப்படுத்தணும், ஏனெண்டா அணு எண்ணிக்கையில இது பூரணமாச் சமன்: Mg 2 க்கு 2, O 2 க்கு 2. எண்ணிக் காட்டி பிழை எண்டு சொல்ல ஏலாது, புள்ள திருப்பி எண்ணிக் காட்டும்.

ரெண்டு விசயத்த பிரிச்சிச் சொல்லுங்க. ஒண்டு இடம். இலக்கம் உயரத்தில நடுவில நிக்கலாம், ஆனா அது Mg எண்ட எழுத்துக்குப் பிறகு நிக்குது, எழுத்துக்குப் பிறகு குணகம் வராது. "ரெண்டு Mg" எண்டு நினைச்சா 2Mg எண்டு முன்னால எழுதணும். மற்றது சூத்திரம். Mg க்கும் O வுக்கும் வலுவளவு 2, 2, அப்ப சுருக்கி MgO. சமப்படுத்துற நேரம் சூத்திரத்துக்குள்ள கை வைக்க ஏலாது எண்டத இந்த ஒரு உதாரணத்திலயே காட்டலாம்: தண்ணிய சமப்படுத்துறம் எண்டு சொல்லி H2 + O2 → H2O2 எண்டு எழுதினா எண்ணிக்கை சரி, ஆனா கிளாஸ்ல இரிக்கிறது தண்ணி இல்ல, ஐதரசன் பேரொட்சைட்டு. இந்த உதாரணம் புள்ளைகளுக்கு உடன பிடிபடும். சரியானது 2Mg + O2 → 2MgO.

இன்னொரு வகைப் பேப்பர் வரும், அதுதான் உண்மையான தொல்லை. புள்ளைக்கு விசயம் தெரியும், கையெழுத்துத்தான் எல்லா இலக்கத்தையும் ஒரே உயரத்தில விடுது. உதாரணமா 2H2O எண்டதில ரெண்டு 2 உம் ஒரே அளவு. இதில சந்தேகமே வரத் தேவையில்ல, இடத்த வெச்சி வாசிச்சா முதலாவது குணகம், ரெண்டாவது கீழ்க்குறி, சரி போடுங்க. ஆனா H க்கு முன்னால ஒரு 2 வந்து, அதுக்கு மேலயே அழிச்சி எழுதி, 2 வா 3 வா எண்டு தெரியாட்டி, அதே புள்ள அதே பேப்பர்ல வேற இடத்தில 2 ஐயும் 3 ஐயும் எப்படி எழுதியிரிக்கு எண்டு பாருங்க. O2 எண்டு கட்டாயம் எங்கயாவது இரிக்கும், அதில உள்ளது உறுதியா 2 தான், அதோட ஒப்பிட்டா பெரும்பாலும் தெளிஞ்சிரும். வகுப்புப் பரீட்சை எண்டா புள்ளைய கூப்பிட்டு "இத வாசி" எண்டு சொல்லுங்க, விடைய நீங்க சொல்லிக் குடுக்காம. சரியா வாசிச்சா திருப்பி எழுத வையுங்க. பொதுப் பரீட்சையில திருத்துறவருக்கு முன்னால புள்ள நிக்க மாட்டா, அதால இலக்கத்துக்கு மேல இலக்கம் எழுதாம ஒரு கோடு போட்டு வெட்டிட்டு பக்கத்தில முழுச் சமன்பாட்டையும் திருப்பி எழுதுற பழக்கம் இப்பவே வரணும்.

ஏ.எல். டியூட்ல Zn+2H+→Zn2++H2 எண்டு ஒரு இடைவெளியும் இல்லாம கிடக்கு. எது கூட்டல், எது ஏற்றம்?

இதில + நாலு இரிக்கு, ரெண்டு கூட்டல், ரெண்டு ஏற்றம். அம்புக்குறியில இருந்து தொடங்குங்க. அம்புக்குறிக்கு உடன முன்னால ஒரு கூட்டல் நிக்க ஏலாது, கூட்டினா பிறகு ஒரு பொருள் வரணும், அப்ப H+ இல உள்ளது ஏற்றம், H⁺. வலப்பக்கம் ++ எண்டு ரெண்டு சேந்து வந்தா முதலாவது ஏற்றம், ரெண்டாவது கூட்டல். அப்ப Zn2+ ஓட H2.

இப்ப ரெண்டு சந்தேகம் மிச்சம். Zn+2H எண்டது Zn க்கு +2 ஏற்றமா, இல்ல Zn கூட்டல் 2H ஆ? Zn2+ எண்டது Zn²⁺ ஆ, இல்ல Zn2 க்கு ஒரு + ஆ? ரெண்டாவது லேசு, Zn2 எண்டு வாசிச்சா Zn இடப்பக்கம் 1 வலப்பக்கம் 2, பிழை. முதலாவதுக்கு அயன் சமன்பாட்டுக்கு மட்டும் உள்ள இன்னொரு சோதனை உதவும், ஏற்றமும் ரெண்டு பக்கமும் சமனா இரிக்கணும். Zn + 2H⁺ → Zn²⁺ + H2 எண்டா இடப்பக்கம் +2, வலப்பக்கம் +2. Zn க்கு +2 எண்டு வாசிச்சா அதுக்கும் H⁺ க்கும் நடுவில கூட்டலே இல்லாமப் போகும், இடப்பக்க ஏற்றம் +3 ஆகும், H உம் 1 க்கு 2 எண்டு பிழைக்கும். மூலக்கூறுச் சமன்பாட்டில இல்லாத ஒரு சோதனை இங்க கையில கிடைக்குது, அத விடாதீங்க. அணுவ எண்ணி முடிச்சிட்டு ஏற்றத்த எண்ணாம விடுற ஆக்கள்தான் இதில கூட.

நான் டியூட் அடிக்கிறவன். வேர்ட்ல கீழ்க்குறி சரியாத்தான் போடுறன், வட்ஸ்அப்ல அனுப்பினா எல்லாம் ஒரே வரிக்கு வந்திருது. என்ன செய்ற?

வேர்ட்ல கீழ்க்குறி எண்டது எழுத்துட அலங்காரம், இலக்கம் சாதாரண 2 தான். கொப்பி பண்ணி வட்ஸ்அப்ல ஒட்டினா அலங்காரம் விழுந்து வெறும் 2 மட்டும் போகும். அதால வசனமா ஒட்டாதீங்க, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க. வேர்ட்ல கீழ்க்குறிக்கு `Ctrl` ஓட `=` அழுத்தினா போதும், திருப்பி அழுத்தினா சாதாரணத்துக்கு வரும். தமிழுக்கு பாமினி மாதிரி பழைய எழுத்துருவும் சூத்திரத்துக்கு வேற எழுத்துருவும் மாத்தி மாத்திப் போடுற ஆக்கள், முழுப் பந்தியையும் தெரிவு செஞ்சி கடைசியில அளவு, அமைப்பு மாத்தினா கீழ்க்குறி சில இடத்தில போயிரும், அடிச்சி முடிஞ்சி ஒருக்கா சூத்திரங்கள மட்டும் பாத்திட்டு அனுப்புங்க.

வசனமாத்தான் அனுப்பணும் எண்டா யூனிகோட்ல சின்ன இலக்கங்களே தனி எழுத்தா இரிக்கு, ₂ ₃ ₄, அது எங்க ஒட்டினாலும் கீழயே நிக்கும். அதுவும் ஏலாட்டி அடைப்புக்குறிய விடாதீங்க, + க்கும் அம்புக்குறிக்கும் ரெண்டு பக்கமும் இடைவெளி விடுங்க, குணகத்துக்கும் சூத்திரத்துக்கும் இடையில இடைவெளி வேணாம். ½O2 வ மட்டும் வசனத்தில போடவே வேணாம், 1/2 ட கோடு அழிஞ்சா 12O2 ஆகும், H2 + 12O2 → H2O எண்டு பாக்கிற புள்ளைக்கு ஒரு வழியும் இல்ல. ரெண்டால பெருக்கி 2H2 + O2 → 2H2O எண்டே குடுங்க.